ஆடிட்டர் ஃபீஸ் பாக்கி: நினைவூட்டல் கடிதத்தைத் திருத்தி எழுதுவது எப்படி?

சிஏ அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள் கைக்கு முதலில் வரும் வேலைகளில் ஒன்று, ஃபீஸ் பாக்கி வைத்திருக்கும் வாடிக்கையாளர்களுக்கு நினைவூட்டல் அனுப்புவது. கணினியில் பழைய கடிதம் ஒன்று கிடக்கும். பெயரையும் தேதியையும் மாற்றி அனுப்பச் சொல்வார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். இரண்டு ஆண்டு அனுப்பிய பிறகுதான், அந்தக் கடிதத்தைப் படித்துப் பணம் அனுப்பியவர்கள் மிகக் குறைவு, போன் போட்ட பிறகு அனுப்பியவர்களே அதிகம் என்பது புரிந்தது. அன்று முதல் பில், பாக்கி வேலையை நானே பார்த்து வருகிறேன்.

இங்கே சொல்லப்போவது ஒரே ஒரு வகை பாக்கியைப் பற்றி. ஆண்டுக் கணக்கு முடித்து, ஆடிட் அறிக்கையும் வருமான வரி ரிட்டர்னும் போட்டாயிற்று. பில்லும் கொடுத்தாயிற்று. வாடிக்கையாளர் சின்னத் தொழில் செய்பவர், நல்லவர், சண்டை எதுவும் இல்லை. ஆனால் பணம் வரவில்லை. பாக்கிகளில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

முதலில் பழைய கடிதத்தைப் பாருங்கள். உங்கள் அலுவலகத்திலும் ஏறக்குறைய இதுதான் இருக்கும்.

"பொருள்: நிலுவைக் கட்டணம் தொடர்பாக. மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் நிறுவனத்துடனான நீண்டகால நல்லுறவை நாங்கள் பெரிதும் மதிக்கிறோம். தங்கள் கணக்கில் எங்கள் தொழில்முறைக் கட்டணம் நிலுவையில் உள்ளது என்பதைத் தங்கள் மேலான கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறோம். பலமுறை நினைவூட்டியும் தொகை வந்து சேரவில்லை. விரைவில் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறோம். தவறினால் எதிர்வரும் தாக்கல்களை மேற்கொள்வதில் சிரமம் ஏற்படும். ஏற்கெனவே செலுத்தியிருப்பின் இக்கடிதத்தைப் பொருட்படுத்த வேண்டாம்."

மரியாதையில் குறை இல்லை. ஆனால் எவ்வளவு பணம், எந்த வேலைக்கு, எந்தத் தேதிக்குள், எப்படி அனுப்புவது என்ற நான்கில் ஒன்றுகூட இதில் இல்லை. "விரைவில்" என்பதற்குக் கடைக்காரர் அகராதியில் "கையில் பணம் வரும்போது" என்று பொருள். கடைசி வரி இன்னும் மோசம். கடிதத்தை ஒதுக்கி வைக்க நாமே ஒரு வழி காட்டிவிடுகிறோம். "தாக்கல்களை மேற்கொள்வதில் சிரமம்" என்பதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன், அது வேறு விதமான சிக்கல்.

இதை எப்படி மாற்றி எழுதினோம் என்பதை ஒரு உண்மைப் பாக்கியை வைத்தே சொல்கிறேன். அண்ணன், தம்பி இருவர் கூட்டாக நடத்தும் அச்சகம். தொகைகளையும் தேதிகளையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். ஆடிட் அறிக்கை செப்டம்பர் 27 அன்றும், ரிட்டர்ன் அக்டோபர் 24 அன்றும் போட்டோம். நவம்பர் 5 தேதியிட்டு பில். கட்டணம் ₹40,000, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி ₹7,200, மொத்தம் ₹47,200. முப்பது நாளில் தர வேண்டும் என்று வேலை எடுக்கும்போதே எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தோம். டிசம்பரில் மேலே உள்ள பழைய கடிதம் போனது. பதில் இல்லை. பிப்ரவரி 10 அன்று புதிய கடிதம் எழுத உட்கார்ந்தோம்.

முதல் படி: எழுதுவதற்கு முன் லெட்ஜரைத் திறங்கள்

கேட்கப்போகும் தொகை சரியா என்பதுதான் முதல் கேள்வி. இதில் தவறினால் மற்றது எதுவும் பயன்படாது.

வாடிக்கையாளர் நம் கட்டணத்தில் டிடிஎஸ் பிடிக்க வேண்டியவரா என்று பாருங்கள். தொழில்முறைக் கட்டணத்துக்கு 10 சதவீதம். ஒரே நிதியாண்டில் நமக்குத் தரும் கட்டணம் ₹50,000-ஐத் தாண்டினால் பிடிக்க வேண்டும். இந்த அச்சகத்துக்கு மாதாந்திர ஜிஎஸ்டி வேலையும் நாம்தான் பார்க்கிறோம், மாதம் ₹2,000. ஆண்டுக்கு ₹24,000. அதோடு இந்த ₹40,000 சேர்ந்தால் வரம்பைத் தாண்டிவிடும். கூட்டு நிறுவனம் என்பதால் பிடிக்கும் பொறுப்பு அவர்களுக்கு உண்டு. தனிநபர் கடையாக இருந்து முந்தைய ஆண்டு விற்பனை ஒரு கோடிக்குள் என்றால் அந்தப் பொறுப்பே கிடையாது. பில்லில் ஜிஎஸ்டியைத் தனியாகக் காட்டியிருப்பதால் பிடித்தம் ₹40,000-க்கு மட்டும்தான், அதாவது ₹4,000. ஆகவே நாம் கேட்க வேண்டியது ₹47,200 அல்ல, ₹43,200. (மாதாந்திரக் கட்டணத்துக்கான பிடித்தம் அந்தந்த பில்லோடு போகும், அதை இங்கே கலக்க வேண்டாம்.)

நான் இதில் ஒருமுறை வசமாக மாட்டியிருக்கிறேன். டிடிஎஸ் கழித்துக்கொண்டு சரியாகப் பணம் அனுப்பிய ஒருவருக்கு, மீதி ₹3,500 பாக்கி என்று நினைவூட்டல் அனுப்பிவிட்டேன். "வரி கட்டச் சொல்லித்தந்த நீங்களே நான் வரி பிடித்ததைப் பாக்கி என்கிறீர்களா?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான்.

இங்கே இன்னொன்றையும் பாருங்கள், பலர் இதைக் கவனிப்பதில்லை. நம் நிறுவனத்தின் 26ஏஎஸ் படிவத்தைத் திறந்து, அந்த வாடிக்கையாளர் பெயரில் டிடிஎஸ் ஏறியிருக்கிறதா என்று தேடுங்கள். பில்லைக் கணக்கில் ஏற்றும்போதே டிடிஎஸ் பிடித்துக் கட்ட வேண்டும் என்பது விதி, பணம் கொடுக்கும்வரை காத்திருக்க முடியாது. அங்கே ₹4,000 தெரிந்தால், பில் அவர்களுக்குக் கிடைத்திருக்கிறது, கணக்கில் ஏற்றியிருக்கிறார்கள், தொகையில் சண்டை இல்லை என்று பொருள். காசு மட்டும்தான் வரவில்லை. ஒன்றும் தெரியவில்லை என்றால் பில்லே போய்ச் சேராமல் இருக்கலாம், அல்லது யாருடைய மேசையிலோ தூங்கலாம். இரண்டுக்கும் எழுத வேண்டிய கடிதம் வேறு. டிடிஎஸ் விவரம் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் தாக்கலாகிறது, ஆகவே தெரியவில்லை என்பதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். அச்சகத்துக்கு ₹4,000 தெரிந்தது.

இரண்டாம் படி: ஏன் தரவில்லை என்று யோசியுங்கள்

பணம் இல்லாமல் தாமதிப்பவர்கள் உண்டு. ஆனால் ஆண்டு வேலையில் அதைவிடப் பெரிய காரணம் வேறு. நாம் செய்த வேலை அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. எலெக்ட்ரீஷியன் வந்து போனால் விளக்கு எரிகிறது. நாம் மூன்று மாதம் உழைத்து முடித்தால் அவர்களுக்கு வருவது ஒரு பிடிஎஃப் அக்னாலெட்ஜ்மென்ட். அதை வைத்து நம் வேலையை அளந்தால் ₹40,000 அதிகமாகத்தான் தெரியும்.

அடுத்தது குழப்பம். ரிட்டர்ன் போடும் சமயத்தில் வருமான வரி பாக்கியைக் கட்டச் சொல்லி நாம்தான் சலான் அனுப்புகிறோம். அவர்கள் பணம் கட்டுகிறார்கள். அது அரசுக்குப் போன வரி, ஃபீஸ் அதில் இல்லை என்பது சிலருக்கு உண்மையிலேயே தெரிவதில்லை. "ஆடிட்டருக்கு அக்டோபர்லயே பெருசா ஒரு தொகை கொடுத்தாச்சே" என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். கடிதத்தில் ஒரு வரியில் தீர்ந்துவிடும் விஷயம் இது. ஆனால் யாரும் எழுதுவதில்லை.

மூன்றாவது, கடிதம் யாருக்குப் போகிறது என்பது. அச்சகத்தில் ஆர்டர் பிடிப்பதும் வெளி வேலையும் அண்ணன். வங்கி, கணக்கு எல்லாம் தம்பி. நாம் வைத்திருந்த மின்னஞ்சல் அண்ணனுடையது. டிசம்பர் கடிதம் அங்கேதான் போயிருந்தது. ஆகவே இந்த முறை தம்பிக்கு எழுதி, அண்ணனுக்கும் ஒரு பிரதி. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தனியாக அனுப்புங்கள். அண்ணன், தம்பி, அவர்கள் கணக்காளர், மேலாளர் எல்லோரும் இருக்கும் குழுவில் பாக்கி பற்றி ஒரு வார்த்தை எழுதாதீர்கள். ஊழியர் முன்னால் பாக்கிக்காரர் ஆனவர் அதை எளிதில் மறக்கமாட்டார். வாடிக்கையாளர் விவரத்தை வெளியே சொல்லக்கூடாது என்ற நம் தொழில் விதியும் இருக்கிறது.

மூன்றாம் படி: தேதிக்கு ஒரு உண்மையான காரணம் கண்டுபிடியுங்கள்

"எங்களுக்கும் செலவு இருக்கிறது" என்பது காரணமே அல்ல. அவர்களுக்கும் இருக்கிறது. தாமதித்தால் *அவர்களுக்கு* என்ன ஆகும் என்பதுதான் வேலை செய்யும். அதுவும் உண்மையாக இருக்க வேண்டும், நாமே கணக்குப் போட்டுக் காட்டக்கூடியதாக இருக்க வேண்டும். நம் தொழிலில் அப்படி இரண்டு உண்டு.

ஒன்று ஜிஎஸ்டி. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் தராவிட்டால், அந்த பில்லுக்கு எடுத்த உள்ளீட்டு வரிச் சலுகையை வாடிக்கையாளர் வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். நமக்குப் பணம் தந்த பிறகு சலுகையை மறுபடி எடுத்துக்கொள்ளலாம், ஆனால் வட்டி போனது போனதுதான். அச்சகத்துக்கு அந்த 180 நாள் மே 4 அன்று முடிகிறது. ₹7,200-ஐத் திருப்பிக் கட்ட வேண்டிவரும்.

இன்னொன்று மார்ச் 31. நம் சிஏ நிறுவனம் உத்யம் பதிவில் குறு அல்லது சிறு நிறுவனமாக இருந்தால் மட்டுமே இது பொருந்தும். 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தால் ஒப்புக்கொண்ட நாளுக்குள், அதிகபட்சம் 45 நாளுக்குள், ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். அந்தக் கெடு தாண்டி, நிதியாண்டு முடிவிலும் தராமல் இருந்தால் அந்தச் செலவை அந்த ஆண்டு வருமானத்தில் கழிக்க முடியாது. பணம் தரும் ஆண்டில்தான் கழிக்கலாம். வருமான வரிச் சட்டத்தில் இது 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. அச்சகம் கூட்டு நிறுவனம், 30 சதவீத வரி, செஸ் சேர்த்து 31.2 சதவீதம். ₹40,000-க்கு ₹12,480. அந்த வரி இந்த ஆண்டே கட்ட வேண்டியதாகிவிடும். அதைவிட ஒன்று, அடுத்த ஆடிட் அறிக்கையில் இந்தப் பாக்கியைக் குறிப்பிட வேண்டியவர்களும் நாம்தான். நம் ஃபீஸ் பாக்கியை நாமே எழுத வேண்டிய அந்த நிலைக்கு அவர்களும் நாமும் போக வேண்டாம்.

இதில் ஒரு எச்சரிக்கை. உத்யம் எண் இல்லாத அலுவலகம் இந்த வரியைக் கடிதத்தில் எழுதக்கூடாது. எண் இருந்தாலும் அது பில்லிலும் இருக்கட்டும். அனுமான வருமான முறையில் ரிட்டர்ன் போடும் சின்னக் கடைக்காரருக்கும் இதை எழுதுவதில் பொருள் இல்லை. அவர் செலவு எதையும் தனியாகக் கழிப்பதில்லை. ஜிஎஸ்டி பதிவே இல்லாதவருக்கு 180 நாள் கதையும் கிடையாது. ஒரே கடிதத்தை எல்லோருக்கும் அனுப்புவதில் உள்ள ஆபத்து இதுதான். வாடிக்கையாளருக்குப் பொருந்தாத சட்டத்தைச் சொல்லி அவர் அதைக் கண்டுபிடித்துவிட்டால், அவர் ஆடிட்டர் மேல் வைத்த நம்பிக்கை கொஞ்சம் குறையும். ₹43,200-ஐவிடப் பெரிய நஷ்டம் அது.

இரண்டில் எதைச் சொல்வது? கடிதத்துக்கு ஒன்று போதும், அருகில் இருப்பதைச் சொல்லுங்கள். பிப்ரவரியில் மார்ச் 31 அருகில் இருக்கிறது. மே மாதத்துக்குரியதை அப்போதைக்கு வைத்துக்கொள்ளலாம்.

நான்காம் படி: கடிதத்தை எழுதுங்கள்

இதுதான் நாங்கள் அனுப்பியது.

"பொருள்: அச்சக ஆடிட், ரிட்டர்ன் – நவம்பர் 5 பில் – ₹43,200 – மார்ச் 5-க்குள்

வணக்கம் சார்,

உங்கள் அச்சகத்தின் ஆடிட் அறிக்கையை செப்டம்பர் 27 அன்றும், வருமான வரி ரிட்டர்னை அக்டோபர் 24 அன்றும் போட்டுவிட்டோம். இரண்டுக்குமான பில்லில் ₹43,200 வர வேண்டியிருக்கிறது. மார்ச் 5-க்குள் அனுப்பிவிடுங்கள்.

கட்டணம் ₹40,000, ஜிஎஸ்டி ₹7,200. நீங்கள் பிடித்த டிடிஎஸ் ₹4,000 கழித்தால் ₹43,200. அக்டோபரில் நீங்கள் சலான் மூலம் கட்டியது அரசுக்கான வருமான வரி, இந்தக் கட்டணம் அதில் சேரவில்லை.

இந்த முறை ஆண்டு முழுவதுக்குமான மூன்று வங்கிக் கணக்குகளையும் பதிவுகளோடு ஒத்துப்பார்த்தோம். உங்கள் கொள்முதல் பில்களில் 14 பில்கள் ஜிஎஸ்டி தளத்தில் காட்டப்படாமல் இருந்தன. சப்ளையர்களிடம் பேசி 11 பில்களைச் சரிசெய்தோம். மீதி மூன்றின் பட்டியல் செப்டம்பரில் உங்களுக்கு அனுப்பியிருக்கிறோம்.

எங்கள் நிறுவனம் உத்யம் பதிவு பெற்றது. மார்ச் 31 வரை இந்த பில் பாக்கி நின்றால், ₹40,000-ஐ இந்த ஆண்டுச் செலவாகக் கழிக்க முடியாது. உங்கள் வரி சுமார் ₹12,480 கூடும். அதனால்தான் தேதி குறித்திருக்கிறேன்.

ஒரே தடவையில் சிரமம் என்றால், மார்ச் 5-க்குள் ₹21,600, மார்ச் 25-க்குள் ₹21,600 என்று இரண்டாக அனுப்பலாம். எது வசதி என்று ஒரு வார்த்தை பதில் போடுங்கள், 'முழுசா' அல்லது 'ரெண்டா'. பில்லில் ஏதாவது புரியவில்லை என்றாலோ, சரியில்லை என்று பட்டாலோ என்னைக் கூப்பிடுங்கள்.

வங்கி விவரமும் யூபிஐ ஐடியும் கீழே. பில்லை மறுபடி இணைத்திருக்கிறேன்."

கையெழுத்தின் கீழ் ஒரு மனிதரின் பெயரும் நேரடி எண்ணும் இருக்க வேண்டும். "கணக்குப் பிரிவு" என்று மட்டும் போட்டால் யாரும் கூப்பிடமாட்டார்கள்.

சில இடங்களை ஏன் அப்படி எழுதினோம் என்று சொல்கிறேன். பொருள் வரியிலேயே தொகையும் தேதியும் வந்துவிட்டன, கடிதத்தைத் திறக்காதவருக்கும் சேதி போய்விடும். நல்லுறவு பற்றி எதுவும் இல்லை. உறவு நன்றாக இருந்தால் அதைச் சொல்லத் தேவையில்லை. வேலை விவரத்தில் "கணக்குகளை ஆய்வு செய்தோம்" என்று பொதுவாக எழுதாமல், 14 பில்கள், 11 பில்கள் என்று எழுதினோம். அது அவர்கள் சப்ளையர்கள் பற்றியது, அவர்கள் பணம் பற்றியது. படிக்கும்போது "ஆமாம், இவர்கள் அப்போது போன் பண்ணிக் கேட்டார்களே" என்று நினைவு வரும். இந்த எண்களுக்காக வேலை நடக்கும்போதே ஃபைலின் முதல் பக்கத்தில் இரண்டு வரி குறித்து வையுங்கள். பிப்ரவரியில் உட்கார்ந்து தேடினால் கிடைக்காது.

இரண்டாகப் பிரித்துத் தரும் வாய்ப்பை நாமே சொன்னதைப் பற்றி எங்கள் அலுவலகத்திலேயே விவாதம் நடந்தது. முழுத் தொகை தரக்கூடியவர்கூட இரண்டாக்கிவிடுவாரே என்றார் ஒருவர். நடக்கும்தான். ஆனால் மூன்று மாதமாக ஒன்றும் வராத பாக்கியில் மார்ச் 5 அன்று பாதி வருவது நல்ல முன்னேற்றம் என்பது என் கருத்து. கடைசித் தவணை மார்ச் 31-க்கு முன்னால் முடிய வேண்டும் என்பதை மட்டும் விடக்கூடாது, இல்லாவிட்டால் நாம் சொன்ன காரணத்தை நாமே உடைத்ததாகிவிடும்.

வாட்ஸ்அப்பில் இவ்வளவு நீளம் வேண்டாம். "வணக்கம் சார். அச்சக ஆடிட், ரிட்டர்ன் பில்லில் டிடிஎஸ் போக ₹43,200 வரணும். மார்ச் 5-க்குள் அனுப்ப முடியுமா? விவரம் மெயிலில் அனுப்பியிருக்கிறேன், அப்புறம் பேசலாம்" என்றால் போதும். இரவு எட்டுக்கு மேலும், 20-ஆம் தேதி ஜிஎஸ்டி கட்டும் நெருக்கடியிலும் அனுப்பாதீர்கள். அட்வான்ஸ் டாக்ஸ் கட்டும் டிசம்பர் 15, மார்ச் 15-ஐ ஒட்டிய நாட்களையும் தவிருங்கள். மார்ச் 5 என்று நாங்கள் குறித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஐந்தாம் படி: எழுதியதில் இவை இருந்தால் அடித்துவிடுங்கள்

"தாக்கல்களை மேற்கொள்வதில் சிரமம் ஏற்படும்" என்ற வரி. ஏற்றுக்கொண்ட வேலையை, கெடு நாள் நெருங்கும்போது, பழைய பாக்கியைக் காட்டி நிறுத்துவது மிரட்டல். கெடு தாண்டினால் அபராதம் அவர் தலையில் விழும், அந்தப் பழி நம் மேல் வரும். தளத்தின் பாஸ்வேர்டை மாற்றி வைப்பது, அக்னாலெட்ஜ்மென்ட்டைத் தராமல் இழுப்பது எல்லாம் இதே வகை. செய்யக்கூடாது.

அதற்காக அடுத்த ஆண்டு வேலையையும் கேள்வி இல்லாமல் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றில்லை. முறை இதுதான்: ஏப்ரல், மே மாதத்திலேயே, வேறு ஆடிட்டரைப் பார்த்துக்கொள்ள அவருக்குப் போதிய நேரம் இருக்கும்போதே, "சென்ற ஆண்டு பாக்கி முடிந்த பிறகு இந்த ஆண்டு வேலையைத் தொடங்குகிறோம்" என்று தெளிவாக எழுதுவது. அதே வாக்கியம் செப்டம்பர் 20 அன்று மிரட்டல், மே 2 அன்று நியாயமான நிபந்தனை. ஆடிட் வேலையில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. பெரிய தொகை நீண்ட நாள் பாக்கி நின்றால் ஆடிட்டரின் சுதந்திரத்துக்கே பாதிப்பு என்று நம் இன்ஸ்டிட்யூட்டின் நெறிமுறைகள் சொல்கின்றன. ஆகவே அடுத்த அறிக்கையில் கையெழுத்திடும் முன் பழையதைத் தீர்த்துக்கொள்வது இரு தரப்புக்கும் தேவையானது.

"பலமுறை நினைவூட்டியும்" என்பதையும் எடுத்துவிடுங்கள். எத்தனை முறை என்று எண்ணிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு முறைதான் இருக்கும், அதுவும் தவறான ஆளுக்கு. ஒப்பந்தத்தில் சொல்லாத வட்டி விகிதத்தை நீங்களாக எழுதாதீர்கள். எம்எஸ்எம்இ சட்டத்தில் தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி உண்டு. ஆனால் அதை இரண்டாவது கடிதத்திலேயே இழுத்தால் அச்சகத்துத் தம்பி அடுத்து பேசப்போவது உங்களோடு அல்ல, வக்கீலோடு.

ஆறாம் படி: பதிலுக்குக் காத்திருக்கும் முறை

மூன்று நாள் விடுங்கள். பதில் இல்லாவிட்டால் போன். கடிதத்தை எழுதியவரே பேச வேண்டும். "மெயில் பார்த்தீர்களா?" என்று ஆரம்பிக்காதீர்கள், பார்த்தேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். "முழுசா அனுப்புறீங்களா, ரெண்டா அனுப்புறீங்களா சார்?" என்று கேளுங்கள். அந்தப் பேச்சிலும் தேதி கிடைக்காவிட்டால் அடுத்து பேச வேண்டியது சிஏ-தான், நாம் இல்லை. நான்காவது, ஐந்தாவது கடிதம் எழுதிப் பயன் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

அச்சகத்துத் தம்பி இரண்டாம் நாளே கூப்பிட்டார். அக்டோபரில் சலானில் கட்டிய ₹1,18,000-க்குள் ஃபீஸும் அடக்கம் என்றுதான் இதுவரை நினைத்திருந்தாராம். டிடிஎஸ் பிடித்துக் கட்டியது அவர்கள் பகுதிநேரக் கணக்காளர், அவருக்குப் பணம் போயிற்றா இல்லையா என்பது தெரியாது. டிசம்பர் கடிதத்தை அண்ணன் பார்க்கவே இல்லை. "ரெண்டா" என்றார். மார்ச் 4 அன்று ₹21,600 வந்தது. இரண்டாவது தவணைக்கு ஒரு போன் போட வேண்டியிருந்தது, மார்ச் 28 அன்று வந்தது.

பணம் வந்த அன்றே ரசீது அனுப்பினோம். அப்புறம் அச்சகத்தின் ஃபைல் முதல் பக்கத்தில் மூன்று வரி எழுதி வைத்தோம்: பில் தம்பி எண்ணுக்கு. சலான் அனுப்பும்போதே "இது அரசு வரி மட்டும், எங்கள் பில் தனியாக வரும்" என்று எழுதவும். அடுத்த ஆண்டு பாதிக் கட்டணம் வேலை தொடங்கும்போது, மீதி ரிட்டர்ன் போட்ட வாரத்தில்.